சலான் என்று வந்த ஏபிகே ஃபைலும் என் கணக்கில் போன பணமும்

2025 ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 12 வரை கர்நாடகாவில் பாக்கியிருந்த போக்குவரத்து அபராதங்களுக்குப் பாதித் தள்ளுபடி கொடுத்தார்கள். பெங்களூரில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது எப்படிப்பட்ட செய்தி என்று சொல்லத் தேவையில்லை. 2023 பிப்ரவரியிலும் இதேபோல ஒரு தள்ளுபடி வந்து, போக்குவரத்துக் காவல் நிலையங்களில் மக்கள் வரிசையில் நின்றார்கள். என் ஸ்கூட்டருக்கும் பாக்கி இருந்தது. பின்னால் உட்கார்ந்தவர் ஹெல்மெட் போடவில்லை என்று ஒன்று, சிக்னல் தாண்டியதாக ஒன்று, இன்னும் சில. கட்டியே ஆகவேண்டிய பணம். பாதியாகக் குறைகிறது என்றால் யார்தான் கட்டமாட்டார்கள்? பிறகு என்னிடம் பேசிய பலரும் பேராசையால் ஏமாறுகிறார்கள் என்ற பாட்டையே பாடியதால் இதை முதலிலேயே சொல்கிறேன். லாட்டரி விழுந்தது என்று வந்த மெசேஜை நான் திறக்கவில்லை. உண்மையிலேயே அரசு அறிவித்திருந்த ஒன்றைப் பற்றி வந்த மெசேஜைத்தான் திறந்தேன்.

அது வந்த இடமும் அப்படி. அல்சூரில் எங்கள் தெரு விநாயகர் விழாக் குழுவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. சதுர்த்தி முடிந்த வாரம், யார் எவ்வளவு கொடுத்தார்கள், பந்தல்காரருக்குப் பாக்கி எவ்வளவு என்று குழு சூடாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த நடுவில் மளிகைக்கடை அண்ணாச்சியின் எண்ணிலிருந்து ஒரு மெசேஜ். ஆங்கிலத்திலும் கன்னடத்திலும், பாதித் தள்ளுபடி சில நாட்களுக்குத்தான், உங்கள் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள் என்று. கீழே ஒரு ஃபைல், அதன் பெயர் `RTO E-Challan.apk`. பதினைந்து வருடமாக அரிசி வாங்கும் கடைக்காரர் அனுப்பியது. அவருடைய வாட்ஸ்அப்பே அன்று மதியம் திருடன் கைக்குப் போயிருந்தது எனக்கு மறுநாள்தான் தெரியும். அவரும் இதே ஃபைலைத்தான் வேறொரு குழுவில் தொட்டிருக்கிறார்.

இந்த வகைத் திருட்டு பரவுவதே இந்த வழியில்தான். ஒருவருடைய போனில் ஆப் ஏறியதும், அவருடைய மெசேஜ்களைப் படிக்கும் அனுமதியை வைத்து வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க எண்ணையும் எடுத்துவிடுகிறார்கள். பிறகு அவர் பெயரிலேயே, அவர் இருக்கும் குழுக்களுக்கெல்லாம் ஃபைல் போகிறது. அதனால் தெரியாத எண்ணிலிருந்து வருவதைத் தொடாதே என்ற அறிவுரை இங்கே பயன்படாது. யார் அனுப்பினார்கள் என்பதைவிட, வந்தது என்ன என்று பார்ப்பதே முக்கியம். பெயரின் கடைசியில் `.apk` என்று இருந்தால் அது ரசீதோ படமோ பத்திரிகையோ இல்லை. ஆண்ட்ராய்டு போனில் நிறுவப்படும் ஒரு ஆப். திருமணப் பத்திரிகை, மின்கட்டண பாக்கி, வங்கி கேஒய்சி, எந்தப் பெயரில் வந்தாலும் கடைசி மூன்று எழுத்தைப் பாருங்கள். பெயரை நீளமாக வைத்தால் அந்தக் கடைசி எழுத்துகள் திரையில் வெட்டுப்பட்டுத் தெரியாமல் போகலாம். அப்போது தொட்டதும் போன் என்ன கேட்கிறது என்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பிடிஎஃப் என்றால் நேராகத் திறந்துவிடும். எதையாவது நிறுவட்டுமா என்று போன் கேட்டால் அது பிடிஎஃப் இல்லை.

என் போனும் கேட்டது. வாட்ஸ்அப்பிலிருந்து ஆப் நிறுவ அனுமதி இல்லை, வேண்டுமானால் செட்டிங்ஸில் மாற்றிக்கொள் என்று ஒரு பெட்டி வந்தது. அதைத் தட்டினால் `Allow from this source` என்ற பொத்தான். அதை நகர்த்தினேன், ஆப் ஏறியது. கூகுளின் பிளே புரொடெக்ட் என்ற பாதுகாப்பு ஏன் பிடிக்கவில்லை என்று பலர் கேட்டார்கள். இந்தியாவில் அது கொஞ்சம் கடுமையாகவே இருக்கிறது. மெசேஜிலிருந்தோ பிரவுசரிலிருந்தோ வரும் ஆப், எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி போன்ற ஆபத்தானவற்றைக் கேட்டால் நிறுவவே விடாமல் தடுக்கும். திருடர்களுக்கும் அது தெரியும். அதனால் முதலில் வரும் ஆப் எந்த அனுமதியும் கேட்காத ஒரு வெற்றுக் கூடு. அரசு முத்திரை, நடுவில் `Update` என்று ஒரு பொத்தான், அவ்வளவுதான். அதைத் தொட்டால், அந்தக் கூடு தானே இன்னொரு ஆப்பை நிறுவ அனுமதி கேட்கிறது. அதாவது இரண்டாவது முறை அதே `Allow from this source`. உண்மையான திருட்டு ஆப் அப்போதுதான் உள்ளே வருகிறது. இந்த இரண்டாவது கேள்வி ஒரு நல்ல அடையாளம். பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிய எந்தச் சாதாரண ஆப்பும், நான் இன்னொரு ஆப்பை நிறுவிக்கொள்கிறேன் என்று உங்களிடம் கேட்காது. அப்டேட் பிளே ஸ்டோர் வழியாகவே வரும்.

இரண்டாவது ஆப் கேட்டவை வரிசையாக வந்தன. எஸ்எம்எஸ் படிக்கவும் அனுப்பவும், போன் அழைப்பு, அப்புறம் பேட்டரி சேமிப்பிலிருந்து விலக்கு. கடைசியில், இதையே எஸ்எம்எஸ்ஸுக்கான முதன்மை ஆப்பாக வைக்கட்டுமா என்று. வேலை முடிந்து வந்த களைப்பில் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று தட்டினேன். பிறகு வண்டி எண் கேட்டது. போட்டதும் ஏதோ ஒரு அபராதத் தொகை காட்டியது. என் உண்மையான பாக்கியோடு அது பொருந்தவே இல்லை என்று பிறகுதான் ஒப்பிட்டுப் பார்த்தேன். சரிபார்ப்புக்கு ஒரு ரூபாய் மட்டும் கட்டுங்கள் என்று டெபிட் கார்டு எண், முடியும் மாதம், பின்பக்க மூன்று இலக்கம். கொடுத்தேன். அடுத்த பக்கத்தில் ஏடிஎம் பின் கேட்டது. ஒரு ரூபாய் கட்ட ஏடிஎம் பின் எதற்கு என்று சந்தேகம் வந்ததால் அங்கே நிறுத்தி மூடிவிட்டேன். ஓடிபி எதுவும் யாரிடமும் சொல்லவில்லை, பின் கொடுக்கவில்லை, ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. தப்பித்தோம் என்று படுத்துவிட்டேன். மனைவியும் பிள்ளைகளும் கிருஷ்ணகிரியில் மாமியார் வீட்டில். இதைச் சொல்லிக் கேட்க வீட்டில் ஆள் இல்லை.

ஓடிபி சொன்னால்தான் பணம் போகும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். வங்கிகளும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கிவிட்டன. ஓடிபி யாரிடமும் சொல்லாதே என்பது, போனில் பேசி ஏமாற்றுகிறவனுக்கு எதிரான அறிவுரை. மெசேஜ் படிக்கும் அனுமதி உள்ள ஒரு ஆப் போனுக்குள் இருந்தால், ஓடிபியை யாரும் உங்களிடம் கேட்கப்போவதே இல்லை. அது வந்த நொடியில் அவர்களுக்குப் போய்விடும். முதன்மை எஸ்எம்எஸ் ஆப்பாகவும் ஆகிவிட்டால் உங்களுக்கு அறிவிப்பு வராமல் மறைக்கலாம், அழித்தும் விடலாம். ஆண்ட்ராய்டில் அந்த உரிமை முதன்மை ஆப்புக்கு மட்டும்தான் உண்டு. அதனால்தான் அந்தக் கடைசிக் கேள்வி.

இதைவிட எனக்குப் புதிதாக இருந்தது மெசேஜ் அனுப்பும் அனுமதி. ஒரு போனில் யுபிஐ ஆப் பதிவு செய்யும்போது என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? உங்கள் சிம்மிலிருந்து தானாக ஒரு எஸ்எம்எஸ் வெளியே போகும். அதில் புரியாத எழுத்துக் கோவை ஒன்று இருக்கும். அந்த மெசேஜ் எந்த எண்ணிலிருந்து வந்ததோ அந்த எண்ணின் சொந்தக்காரர்தான் இந்தப் போனை வைத்திருக்கிறார் என்று யுபிஐ முடிவு செய்துகொள்கிறது. திருடன் தன் போனில் என் எண்ணைப் போட்டுப் பதிவைத் தொடங்குகிறான். அவன் போனிலிருந்து போகவேண்டிய அந்த எழுத்துக் கோவையை என் போனில் இருக்கும் ஆப்புக்கு அனுப்புகிறான். அது என் சிம்மிலிருந்து அதை அனுப்பிவிடுகிறது. இப்போது அவன் போன் என் போனாகிவிட்டது. புதிய யுபிஐ பின் போட, கார்டின் கடைசி ஆறு இலக்கம், முடியும் மாதம், ஓடிபி வேண்டும். முதல் இரண்டையும் ஒரு ரூபாய்ப் பக்கத்தில் நான் கொடுத்துவிட்டேன். ஓடிபியை ஆப் எடுத்துக்கொண்டது. சில வங்கிகள் இதற்கு ஏடிஎம் பின்னும் கேட்கும். அந்தப் பக்கம் என்னிடம் பின் கேட்டது அதற்காகத்தான். என் வங்கி கேட்காத வகை. அந்த ஒரு ரூபாய் அவர்களுக்கு எதற்கு என்று அன்று இரவு யோசித்தேன். அவர்களுக்கு ரூபாய் வேண்டாம், கார்டு விவரம்தான் வேண்டும்.

காலையில் வழக்கமான டீக்கடையில் யுபிஐ திறந்தபோது, உங்கள் கணக்கு வேறொரு போனில் பதிவாகியிருக்கிறது, மறுபடி பதிவு செய்யுங்கள் என்று வந்தது. எங்கோ சர்வர் கோளாறு என்றுதான் யாரும் நினைப்பார்கள். இந்த ஒரு வரி வந்தால் டீயை அப்படியே வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மெசேஜ் பெட்டியைப் பார்த்தேன், முந்தின நாள் மாலைக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. விளம்பர மெசேஜ்கூட இல்லை. அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வங்கியின் ஆப்பில் போய்ப் பார்த்தபோது இரவு 11.50-க்கு யுபிஐ வழியாக ரூ.4,900. அதற்குப் பிறகு கார்டில் 12.20-க்கு ரூ.24,999, 12.24-க்கு இன்னொரு ரூ.24,999. யுபிஐயில் ஏன் அவ்வளவு குறைவு என்றால், புதிய போனில் பதிவான முதல் 24 மணி நேரம் ரூ.5,000 வரைதான் அனுப்ப முடியும். மீதியை அவர்கள் கார்டு எண்ணும் ஓடிபியும் வைத்து இணையத்தில் எடுத்தார்கள். ஒன்று பரிசு வவுச்சர், மற்றொன்று ஒரு வாலட்டில் ஏற்றியது.

டீக்கடைச் சேட்டன் தன் போனைக் கொடுத்தார். அதிலிருந்து வங்கியின் உதவி எண்ணுக்குப் பேசினேன். 1-ஐ அழுத்து, 2-ஐ அழுத்து என்று ஓடி, ஒரு ஆள் கிடைத்தபோது மணி 8.05. எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்றேன். யுபிஐயை நிறுத்துகிறேன், கார்டுக்கு வேறு பிரிவு, மாற்றிவிடுகிறேன் என்றார். புகார் எண்ணை மட்டும் வாங்கி ஒரு பழைய பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். அந்தப் பிரிவுக்கு மாற்றிக் காத்திருந்த நேரத்தில், 8.11-க்கு கார்டிலிருந்து இன்னொரு ரூ.14,999 போனது. நான் வங்கியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே! என் போன் மேசையில் எதுவும் தெரியாததுபோல் கிடந்தது. அந்த ஓடிபியும் அதற்குத்தான் வந்திருக்கும்.

அதனால் யாருக்கும் பேசுவதற்கு முன் சிம்மைக் கழற்றுங்கள். நான் செய்யத் தவறிய வரிசை இது. ஏரோபிளேன் மோடு போட்டு வைஃபையையும் அணைத்துவிட்டு, சிம் ட்ரேயை வெளியே எடுத்தால் அந்த ஆப்புக்குப் படிக்க மெசேஜே இருக்காது. அந்தச் சிம்மை ஒரு சாதாரண பட்டன் போனில் போட்டால் இன்னும் நல்லது. நான் கடைசியில் அதைத்தான் செய்தேன். டீக்கடைக்குப் பக்கத்தில் ரீசார்ஜ் கடையில் ஒரு பழைய பட்டன் போன் வாங்கினேன். சிம் போட்டு உயிர் வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிபி வந்து விழுந்தது. இன்ன கடையில் இவ்வளவு ரூபாய்க்கு, வாட்ஸ்அப் குறியீடு இது, இன்னொரு வாலட் பதிவு. திருடன் இன்னும் முயன்றுகொண்டிருந்தான், ஆனால் எண் என் கையில்தான் வந்தது. அந்த மெசேஜ்களே பிறகு ஆதாரமாகவும் உதவின, ஏனென்றால் எந்த நேரத்தில் எந்தக் கடையில் முயன்றார்கள் என்பது அதில் அப்படியே இருந்தது.

அடுத்து 1930. இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். தமிழ்நாட்டிலிருந்தாலும் கர்நாடகாவிலிருந்தாலும் அதே எண்தான். இதில் எல்லோரும் சொல்லும் விஷயம் சீக்கிரம் பேசுங்கள் என்பது. அதைவிட முக்கியம், பேசும்போது கையில் விவரம் இருக்க வேண்டும் என்பது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தேதி, நேரம், தொகை, குறிப்பு எண், எந்த வங்கி, எந்தக் கணக்கு. இது இருந்தால் அவர்கள் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கோ வாலட்டுக்கோ உடனே தகவல் அனுப்பி, அங்கே இன்னும் இருக்கும் தொகையை முடக்கச் சொல்ல முடியும். அங்கிருந்தும் பணம் நகர்ந்துவிட்டால் அடுத்த கணக்கைத் துரத்த வேண்டும். என் விஷயத்தில் வாலட்டில் ஏற்றிய ரூ.24,999 இன்னும் அங்கேயே கிடந்தது, முடங்கியது. பரிசு வவுச்சர் நள்ளிரவிலேயே செலவாகியிருந்தது. பேசி முடித்ததும் ஒரு ஒப்புகை எண் தருவார்கள். அதை வைத்து `cybercrime.gov.in` தளத்தில் முழுப் புகாரையும், வங்கி ஸ்டேட்மெண்டையும் ஏற்ற வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். பிறகு எங்கள் பகுதியைச் சேர்ந்த சி.இ.என். காவல் நிலையத்துக்குப் போனேன். பெங்களூரில் இணையக் குற்றங்களைப் பார்க்கும் நிலையங்களுக்கு அந்தப் பெயர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளில் பதிவு செய்தார்கள்.

நிலையத்தில் ஒருவர் கேட்டது: போனைச் சுத்தம் செய்துவிட்டீர்களா? இல்லை என்றேன். நல்லதாப்போச்சு என்றார். பயத்தில் முதல் வேலையாக ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுவார்களாம், ஆதாரம் போய்விடும். நான் செய்யாதது புத்தியால் அல்ல, எப்படிச் செய்வது என்று தெரியாததால். இன்னொரு போனில் என் போனின் திரையைப் படம் எடுத்துக்கொண்டேன்: குழுவில் வந்த மெசேஜ், ஃபைலின் பெயர், நேரம், செட்டிங்ஸில் உள்ள ஆப் பட்டியல். அந்தத் திருட்டு ஆப்பின் படக்குறி முகப்பில் எங்கும் இல்லை, ஒளிந்துகொள்கிறது. ஆனால் `Settings`-இல் `Apps` போய் எல்லா ஆப்களையும் காட்டச் சொன்னால் இருக்கிறது, பெயர் இல்லாமல் ஒரு வெள்ளைக் கட்டம். நீக்கப் பார்த்தால் `Uninstall` சாம்பல் நிறத்தில் அமுங்கிக் கிடந்தது. அப்படி இருந்தால் அது போனின் நிர்வாக உரிமையை வாங்கி வைத்திருக்கலாம். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் `Device admin apps` என்று தேடி அங்கே டிக்கை எடுத்தால்தான் நீக்க முடியும். அதுவும் விடவில்லை என்றால் போனை சேஃப் மோடில் திறந்து நீக்கலாம். நான் நீக்கினேன், பிறகும் நம்பிக்கை வரவில்லை. புகார் பதிவானதும் படங்களையும் தொடர்பு எண்களையும் எடுத்துக்கொண்டு முழுவதுமாக ரீசெட் செய்துவிட்டேன். டவுன்லோட் ஃபோல்டரை மட்டும் திரும்ப ஏற்றவில்லை, அந்த ஃபைல் அங்கேதான் இருக்கும்.

இதற்குள் என் பெயரிலும் ஃபைல் கிளம்பியிருந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து மாமியார் பட்டன் போனுக்கு அழைத்து, ‘மாப்ளே, ஏதோ சலான்னு அனுப்பியிருக்கீங்க, எங்ககிட்ட வண்டியே இல்லையே’ என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. வாட்ஸ்அப்பை மீட்பது நினைத்ததைவிட எளிது. சிம் உங்கள் கையில் இருந்தால் போதும். இன்னொரு நல்ல போனில் வாட்ஸ்அப்பை நிறுவி, உங்கள் எண்ணைப் போட்டு, பட்டன் போனில் வரும் ஆறு இலக்கத்தைக் கொடுத்தால் திருடனின் போன் அந்தக் கணத்தில் வெளியேறிவிடும். அவன் இரட்டைச் சரிபார்ப்பு பின் போட்டிருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டிவரும், ஆனால் அவனும் வெளியேதான் இருப்பான். அந்த பின்னை நீங்களே முன்கூட்டிப் போட்டு வைத்திருந்தால் ஆறு இலக்கம் மட்டும் திருடி அவனால் உள்ளே வரவே முடியாது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் `Two-step verification`. நான் இப்போது அறிந்தவர்களின் போனை வாங்கி முதலில் இதைத்தான் போட்டுக்கொடுக்கிறேன். அண்ணாச்சிக்கும் போட்டேன்.

வங்கியோடு நடந்த வாதம்தான் நீண்டது. அவர்கள் முதல் பதில்: ஓடிபி உங்கள் பதிவு எண்ணுக்குத்தான் போனது, எனவே வாடிக்கையாளரின் கவனக்குறைவு. கிளையில் இதைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணத்துக்கு அவர் வங்கியிடம் சொல்லும்வரை அவர் பொறுப்பு. சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. வாடிக்கையாளரின் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். என்னிடம் 8.05 மணிக்குப் பதிவான புகார் எண் இருந்தது, 8.11-க்குப் போன ரூ.14,999 இருந்தது. அதை மட்டும் தனியாக எடுத்து, இந்தச் சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டேன். கொடுத்தார்கள். முணுமுணுப்போடுதான். அந்த ஆறு நிமிட வித்தியாசத்தைக் காட்ட பில்லின் பின்பக்கத்தில் எழுதிய எண்ணும் நேரமும் இல்லாவிட்டால் முடிந்திருக்காது. உதவி எண்ணில் பேசும் ஒவ்வொருவரிடமும் எண்ணைக் கேளுங்கள், நேரத்தை எழுதுங்கள்.

முதல் மூன்றுக்கும் வங்கி அசையவில்லை. எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் `cms.rbi.org.in` தளத்தில் முறையிடலாம். முறையிட்டேன். கார்டு விவரத்தை நானே உள்ளிட்டதால் என் பக்கம் நிற்கவில்லை. முடங்கியிருந்த ரூ.24,999 காவல் நிலையம் வழியாக நீதிமன்ற உத்தரவு வாங்கி, சில மாதங்கள் கழித்து வந்தது. அதற்கு ஆதார் நகல், ஸ்டேட்மெண்ட், புகார் நகல் எல்லாம் கொண்டு போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம். ஆக போனது ரூ.69,897, திரும்பியது ரூ.39,998. மீதி ரூ.29,899 போனது போனதுதான். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்தது. ஊரிலிருந்து கைமாற்று வாங்கிக் கட்டினேன். மனைவியிடம் சொல்வதற்குள் பட்ட பாடு தனி.

உண்மையான அபராதத்தைப் பிறகு நேரிலேயே கட்டினேன். போக்குவரத்துக் காவல் நிலையத்திலும் பெங்களூர் ஒன் மையத்திலும் கட்டலாம். வீட்டிலிருந்தே பார்க்க வேண்டுமென்றால் `echallan.parivahan.gov.in` என்று பிரவுசரில் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். சலான் பார்க்க எந்த ஆப்பும் நிறுவத் தேவையில்லை. அரசிலிருந்து வரும் எஸ்எம்எஸ் என்றால் அனுப்புநர் பெயரின் முடிவில் `-G` இருக்கும், 2025-இல் கொண்டு வந்த முறை. பத்து இலக்க எண்ணிலிருந்து வருவது அரசு மெசேஜ் இல்லை.

இதை எழுதும்போது உங்கள் போனிலேயே ஒன்றைப் பார்த்துவிடச் சொல்கிறேன். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் `Install unknown apps` என்று போடுங்கள். வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர், டெலிகிராம் எல்லாம் பட்டியலில் வரும். எதன் அருகிலாவது `Allowed` என்று இருந்தால், எப்போதோ ஒரு முறை தட்டிய அனுமதி இன்னும் திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம். மூடிவிடுங்கள். பிறகு முதன்மை எஸ்எம்எஸ் ஆப் எது, எந்தெந்த ஆப்புக்கு எஸ்எம்எஸ் அனுமதி இருக்கிறது என்றும் பாருங்கள். கடன் தரும் ஆப், கால்குலேட்டர், டார்ச் லைட்டெல்லாம் அங்கே இருப்பதைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வீட்டுப் பெரியவர்களின் போனில் இதை நீங்களே உட்கார்ந்து செய்ய வேண்டும், சொல்லிக்கொடுத்தால் நடக்காது.

நான் என் ஏற்பாட்டையும் மாற்றிவிட்டேன். சம்பளம் வரும் கணக்கின் பதிவு எண் இப்போது அந்தப் பட்டன் போனில்தான் இருக்கிறது, அதில் யுபிஐயே கிடையாது. இன்னொரு வங்கியில் சின்னக் கணக்கு, வேறு எண், அதில் இரண்டாயிரம் மூவாயிரம் மட்டும், டீக்கும் காய்கறிக்கும் அதிலிருந்து. தொல்லை இல்லாமல் இல்லை. சம்பளக் கணக்கிலிருந்து மாற்ற நெட்பேங்கிங் திறக்கும்போதெல்லாம் பட்டன் போனைத் தேட வேண்டும், சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடக்கும். ரீசார்ஜ் இரண்டு எண்ணுக்கும் போட வேண்டும், மறந்தால் எண்ணே போய்விடும். மனைவி இதைப் பார்த்து இரண்டு வாரம் சிரித்தாள், இப்போது அவள் எண்ணுக்கும் ஒரு பட்டன் போன் வாங்கச் சொல்கிறாள்.